பொறியியல் அறிக்கையும் இயக்குநர் குழுவும்: மொழிநடை மாற்றம்

பொறியாளர் எழுதும் தொழில்நுட்ப அறிக்கையை, அந்தத் துறையில் பயிற்சி இல்லாத இயக்குநர்கள் படித்து முடிவெடுக்க வேண்டியிருக்கும்போது, அதன் சொற்களையும் வரிசையையும் அளவுகளையும் அவர்களுக்கு ஏற்ப அமைத்து எழுதுவதே மொழிநடை மாற்றம். கலைச்சொற்களை எடுத்துவிட்டு எளிய சொற்களைப் போட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது இதில் சிறு பகுதிதான். பொறியாளரின் அறிக்கை, ஒரு பொருள் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்கிறது. இயக்குநரின் கேள்வி வேறு. நாங்கள் எதை முடிவு செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் என்ன நடக்கும், இதை நீங்கள் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். முதல் கேள்விக்கான விடையை இரண்டாம் கேள்விக்கான விடையாக மாற்றி எழுதுவதும், அப்படி மாற்றும்போது சொல்லின் உறுதி கூடாமலும் குறையாமலும் காப்பதும்தான் இந்த எழுத்தின் சாரம்.

இயக்குநர் என்றதும் பெரிய நிறுவனத்தின் இயக்குநர் குழுவே நினைவுக்கு வரும். ஆனால் மருத்துவமனை அறக்கட்டளை, கூட்டுறவுச் சங்கம், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் ஆகியவற்றின் நிர்வாகக் குழுவினரும் இதே இடத்தில்தான் இருக்கிறார்கள். சங்கத்தின் குழுவில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், வழக்கறிஞர், கடைக்காரர் எனப் பலரும் இருப்பார்கள். அறிக்கையை விளக்கிச் சொல்லச் சம்பளத்துக்கு ஒரு தலைமைப் பொறியாளர் அவர்களிடம் இருக்க மாட்டார். அறிக்கையின் மொழிநடை எவ்வளவு தூரம் உயிர்ப் பிரச்சினையாகும் என்பதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட உதாரணமும் அத்தகைய ஒரு குழுவிடமிருந்தே கிடைக்கிறது.

சர்ஃப்சைட் அறிக்கை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மயாமி கடற்கரையை ஒட்டிய சர்ஃப்சைட் என்ற சிறு நகரில், சாம்ப்லெய்ன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் குடியிருப்பு 1981-இல் கட்டப்பட்டது. வீட்டு உரிமையாளர்களே தேர்ந்தெடுத்த இயக்குநர் குழு அதை நிர்வகித்தது. 40 ஆண்டு ஆன கட்டடம் மறுசான்று பெற வேண்டும் என்பது அந்தப் பகுதியின் அப்போதைய விதி. அதற்கான முன்னேற்பாடாக 2018-இல் குழு ஒரு கட்டமைப்புப் பொறியியல் நிறுவனத்தை அமர்த்தியது. அந்த ஆண்டு அக்டோபரில் அறிக்கை வந்தது.

அறிக்கை சொன்னவற்றில் முக்கியமானது நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள தளத்தைப் பற்றியது. அந்தத் தளத்துக்குக் கீழே கார் நிறுத்துமிடம். தளத்தின்மேல் போட்ட நீர்த்தடுப்பு அடுக்கு ஆயுள் முடிந்துவிட்டது, அதனால் கீழே இருக்கும் கான்கிரீட் தளத்துக்குப் பெரிய கட்டமைப்புச் சேதம் ஏற்பட்டுவருகிறது என்று பொறியாளர் எழுதினார். தளம் வாட்டமில்லாமல் சமமாக இருப்பதால் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, இது மூல வடிவமைப்பிலேயே நேர்ந்த பெரும் பிழை என்றும் குறிப்பிட்டார். நீர்த்தடுப்பை விரைவில் மாற்றாவிட்டால் சேதம் பன்மடங்காகப் பெருகும் என்றார். கார் நிறுத்துமிடத்தின் தூண்கள், உத்தரங்கள், சுவர்களில் விரிசலும் காரைப் பெயர்வும் நிறையக் காணப்படுவதாகவும், அவற்றில் பெரும்பாலானவற்றை உரிய காலத்தில் பழுதுபார்க்க வேண்டும் என்றும் எழுதினார். ஒவ்வொரு வரியும் தொழில்முறையில் சரியானது. இன்னொரு பொறியாளர் படித்திருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

குழு உறுப்பினர்கள் அதை எப்படிப் படித்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். பால்கனி, ஜன்னல், வெளிப்பூச்சு முதலிய பல குறைகளுக்கு நடுவே, அவற்றைப் போன்ற இன்னொரு பத்தியாகவே இந்தச் செய்தி இருந்தது. விரைவில் என்றால் அடுத்த மாதமா, அடுத்த ஆண்டா? உரிய காலம் எது? பன்மடங்காக என்பது பொறியாளருக்கு வளர்ச்சி வேகத்தைச் சொல்லும் சொல். மற்றவருக்கு வெறும் அழுத்தச் சொல். கட்டமைப்புச் சேதம் என்பது, கட்டடத்தின் எடையைத் தாங்கும் உறுப்பு பலவீனமாகிறது என்று பொருள்படும். வீட்டில் குடியிருப்பவருக்கோ அது செலவு வைக்கும் ஒரு பழுது. அறிக்கை வந்த அடுத்த மாதமே நகராட்சியின் கட்டட அதிகாரி குடியிருப்போர் கூட்டத்துக்கு வந்து, கட்டடம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னார் என்று அந்தக் கூட்டத்தின் குறிப்பேடு பதிவு செய்திருக்கிறது. தெளிவில்லாத அறிக்கையின் பக்கத்தில் தெளிவான ஓர் ஆறுதல் வார்த்தை வந்தால் எது மனத்தில் நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பழுதுபார்க்க ஏறத்தாழ 91 லட்சம் டாலர் ஆகும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. பணத்தைப் பற்றிய வாக்குவாதம் நீண்டது. 2019-இல் குழுவின் பெரும்பாலான உறுப்பினர்கள் விலகினார்கள். 2021 ஏப்ரலில், அப்போதைய குழுத் தலைவர் உரிமையாளர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதினார். இந்தத் துறை பற்றிப் பேசும் எவரும் அந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். கான்கிரீட் பெயர்வது கண்ணுக்குத் தெரிகிறதென்றால், உள்ளே அதைப் பிடித்துவைத்திருக்கும் கம்பி துருப்பிடித்துச் சிதைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம் என அவர் விளக்கினார். 2018-க்குப் பிறகு சேதம் கணிசமாக மோசமாகிவிட்டது, சிதைவின் வேகம் கூடுகிறது என்றார். செலவு ஏன் 150 லட்சம் டாலராக ஏறிவிட்டது என்பதையும் சொன்னார். பொறியாளர் அல்லாத ஒருவர் பொறியியல் செய்தியை இயக்குநர் மொழியில் எழுதிய கடிதம் அது. அறிக்கைக்கும் அதற்கும் இடையே இரண்டரை ஆண்டு ஓடிவிட்டது. 2021 ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பெரிய பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள்.

மொழிநடையால் ஆகாதது

இந்த நிகழ்வை எழுத்து சம்பந்தப்பட்ட பாடமாக எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 2018 அறிக்கை கட்டடம் இடிந்துவிடும் என்று சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கான ஆதாரம் அந்த ஆய்வில் கிடைக்கவும் இல்லை. சரிவை விசாரித்த அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்ட இடைக்கால முடிவுகளின்படி, நீச்சல் குளத் தளத்தின் மூல வடிவமைப்பே அன்றைய கட்டட விதி கேட்ட வலிமையைப் பல இடங்களில் எட்டவில்லை. கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பின்னாளில் வைத்த பூந்தொட்டிகளும் மண்ணும் தளக்கற்களும் கூடுதல் சுமை ஏற்றின. துருப்பிடித்தல் இவற்றோடு சேர்ந்துகொண்டது.

இத்தகைய தட்டைத் தளம் உத்தரம் இல்லாமல் நேரடியாகத் தூண்களின்மேல் உட்கார்ந்திருக்கும். வலிமை போதாதபோது தூண், தளத்தைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். தளம் மட்டும் கீழே போகும். கட்டமைப்புப் பொறியாளர்கள் இதைப் பஞ்சிங் ஷியர் என்கிறார்கள். வளைந்து, தொய்ந்து, நெடுநாள் எச்சரித்து உடையும் உத்தரம் போன்றதல்ல இது. பெரிய முன்னறிவிப்பு இல்லாமல் நடந்துவிடும்.

ஆகவே 2018-இல் எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாலும், தளம் இடிந்து விழும் என்று நேர்மையாக எழுதியிருக்க முடியாது. ஆனால் மூன்று செய்திகளைச் சொல்லியிருக்க முடியும். எடையைத் தாங்கும் தளத்தில் சேதம் நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தளத்தின் வலிமையை நாங்கள் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. அதைக் கணக்கிடச் சொல்வதா வேண்டாமா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. இவற்றில் இரண்டாவதுதான் இயக்குநருக்கான எழுத்தில் அதிகம் விடுபடும் வாக்கியம். ஆய்வின் எல்லை, அதாவது கண்ணால் பார்த்ததா, உடைத்துப் பார்த்ததா, கணக்குப் போட்டதா என்பது, பொறியாளருக்கு முதல் பக்கத்துப் பணி விவரத்திலேயே புரிந்துவிடும். இயக்குநர் அந்தப் பத்தியைச் சம்பிரதாயம் என்று நினைத்துத் தாண்டிவிடுவார். சோதிக்கவில்லை என்பதைச் சோதித்ததில் குறை இல்லை என்று எடுத்துக்கொள்வார்.

ஒரு பத்தியை மாற்றி எழுதும் முறை

கடலோர நகரம் ஒன்றில் 25 ஆண்டு ஆன குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தைச் சோதித்த பொறியாளரின் குறிப்பு இப்படி இருக்கிறது: “240 புள்ளிகளில் அரைமின்கலச் சோதனை நடத்தப்பட்டது. 78 புள்ளிகளில் அளவீடு −350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே பதிவானது. கம்பியின் மேலுள்ள கான்கிரீட் போர்வை சராசரி 18 மி.மீ. தகுந்த மறுசீரமைப்பு உரிய காலத்தில் மேற்கொள்ளப் பரிந்துரைக்கப்படுகிறது.”

இதில் உள்ள அளவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அரைமின்கலச் சோதனையில், தாமிர சல்பேட் மின்முனையை ஒப்பாகக் கொண்டு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் மின்னழுத்தத்தை வெளியிலிருந்தே அளக்கிறார்கள். இந்தச் சோதனைக்குப் பரவலாகப் பயன்படும் அமெரிக்கத் தர வழிகாட்டியின்படி, அளவீடு −350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், அளந்த நேரத்தில் அந்த இடத்தில் துருப்பிடித்தல் நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டு. கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எந்த வேகத்தில் தேய்கிறது என்பதை அது சொல்வதில்லை.

அனுபவம் இல்லாதவர் எளிமையாக்கப் புகும்போது சறுக்குவது இங்கேதான். 90 சதவீதம் துருப்பிடித்துவிட்டது என்று எழுதிவிடுவார். அதைப் படிக்கும் இயக்குநருக்கு 90 சதவீதக் கம்பி போய்விட்டது என்று தோன்றும். அல்லது தளம் இடிய 90 சதவீத வாய்ப்பு என்று தோன்றும். வாக்கியம் எளிதாகியிருக்கிறது, பொய்யாகவும் ஆகியிருக்கிறது. எதிர்ப்பக்கமும் சறுக்கல் உண்டு. பயமுறுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் சில இடங்களில் லேசான துரு இருக்கக்கூடும் என்று எழுதுவார்கள். சோதனை லேசு என்றும் சொல்லவில்லை, கடுமை என்றும் சொல்லவில்லை. இரண்டு சறுக்கலும் ஒரே வகை. மூலத்தில் இல்லாத உறுதியை எளிய மொழி உள்ளே கொண்டுவந்துவிடுகிறது.

இயக்குநர் குழுவுக்கு அந்தக் குறிப்பை இவ்வாறு எழுதலாம்:

“கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் நாங்கள் சோதித்த இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், உள்ளே இருக்கும் கம்பி இப்போது துருப்பிடித்துக்கொண்டிருப்பதாகக் கருத வலுவான காரணம் இருக்கிறது. இந்தத் தளம் தன் எடையையும் மேலே நிற்கும் எல்லாவற்றின் எடையையும் தாங்குகிறது. கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை இந்தச் சோதனை காட்டாது. தளம் போதிய வலிமையோடு இருக்கிறதா என்பதை நாங்கள் இன்னும் கணக்கிடவில்லை. அதைச் சொல்ல, ஆறு இடங்களில் கான்கிரீட்டை உடைத்துக் கம்பியை அளந்து கணக்கிட வேண்டும். இதற்கு மூன்று வாரம் ஆகும். அந்த முடிவு வரும்வரை தண்ணீர் லாரியையும் வீட்டுச் சாமான் ஏற்றிவரும் லாரியையும் இந்தத் தளத்தில் ஏற்ற வேண்டாம். குழு இந்தக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: மேல்சோதனைக்கு ஒப்புதல், லாரிகளுக்குத் தடை.”

மாற்றி எழுதியதில் நீளம் கூடியிருக்கிறது. இது இயல்பு. எளிய நடை என்றால் குறுகிய நடை என்று எண்ணி, ஒரு பக்கத்துக்குள் அடக்கச் சொல்லும் அலுவலகங்கள் முதலில் வெட்டுவது எதையெல்லாம் கணக்கிடவில்லை என்ற வாக்கியத்தைத்தான். மில்லிவோல்ட் போய்விட்டது, ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்ற பரவல் இருக்கிறது. ஏனென்றால் சேதம் ஒரு மூலையிலா, எங்கும் பரவியா என்பது இயக்குநரின் முடிவை மாற்றும். 18 மி.மீ. என்ற எண் போய்விட்டது. அது துரு ஏன் வந்தது என்பதற்கான விடை. இன்றைய முடிவுக்கு அது வேண்டியதில்லை, இணைப்பில் இருந்தால் போதும். உரிய காலத்தில் என்ற சொற்றொடரின் இடத்தில் மூன்று வாரமும் இந்தக் கூட்டமும் வந்திருக்கின்றன. தேதி சொல்ல முடியாத பொறியாளர், எது தெரிந்தால் தேதி சொல்ல முடியும் என்றாவது எழுத வேண்டும்.

பொறியாளர்கள் தேதியைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. மூன்று மாதத்துக்குள் என்று எழுதி, நான்காம் மாதம்வரை ஒன்றும் நடக்காவிட்டால் மிகைப்படுத்தினார் என்பார்கள். இரண்டாம் மாதத்திலேயே நடந்துவிட்டால் வழக்கு வரும். தொழில் காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கறிஞர்களும் பொதுச் சொற்களையே விரும்புவார்கள். இந்தத் தயக்கத்தை அலட்சியம் செய்யக் கூடாது. நிகழ்ச்சிக்குத் தேதி குறிக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் முடிவுக்குத் தேதி குறிக்க முடியும். தளம் எப்போது பழுதாகும் என்று தெரியாது என்பதும், அடுத்த மழைக்காலத்துக்கு முன் நீர்த்தடுப்பை மாற்ற வேண்டும் என்பதும் ஒரே பத்தியில் நேர்மையாக நிற்கக்கூடிய வாக்கியங்கள்.

செய்தி இருக்கும் இடம்

சொல் சரியாக இருந்தும் இடம் தவறினால் செய்தி சேராது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் ஏவப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு இறக்கையில் மோதியது. விண்கலம் சுற்றுப்பாதையில் இருந்தபோதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து, நாசாவின் பணி மேலாளர்களுக்கு விளக்கத் தாள்கள் தயாரித்தார்கள். அவர்கள் கையிலிருந்த சோதனைத் தரவுகள், மோதிய துண்டைவிட மிக மிகச் சிறிய துண்டுகளை வைத்து எடுக்கப்பட்டவை. அந்தத் தரவைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே தாளின் உண்மையான செய்தி. அது தாளின் அடிப்பகுதியில், படிநிலையில் கடைசியான துணைப் புள்ளியாக இருந்தது. மேலே இருந்த தலைப்போ ஆறுதலாக ஒலித்தது. பிப்ரவரி 1 அன்று விண்கலம் சிதைந்து 7 பேரும் இறந்த பிறகு அமைந்த விசாரணை வாரியம் இந்தத் தாளையே தனியாக எடுத்து ஆராய்ந்தது. உயிருக்கு ஆபத்தான நிலையைப் பற்றியது இது என்பதை மூத்த மேலாளர் ஒருவர் இதைப் படித்து உணராமல் போவது எளிது என்று அது எழுதியது. அந்த மேலாளர்கள் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள். தெரியாதவர்களுக்கு இன்னும் கடினம்.

பொறியியல் அறிக்கையின் இயல்பான வரிசை பின்னணி, முறை, அளவீடு, முடிவு, பரிந்துரை என்பது. ஆதாரத்திலிருந்து முடிவுக்கு எப்படி வந்தோம் என்று காட்ட அந்த வரிசை வேண்டும். முழு அறிக்கையில் அதை மாற்றத் தேவையில்லை. இயக்குநருக்கான பகுதியில் முடிவும், அதன் உறுதியும், ஆய்வின் எல்லையும் முதலில் வர வேண்டும். உயிர் ஆபத்து தொடர்பான குறையும் பூச்சு உதிர்ந்த குறையும் ஒரே பட்டியலில் வரிசை எண்ணோடு நிற்கக் கூடாது. பட்டியல் என்ற வடிவமே எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிடுகிறது.

யார் எழுத வேண்டும்

பல நிறுவனங்களில் பொறியாளர் முழு அறிக்கை தருவார். மேலாளரோ செயலாளரோ அதைச் சுருக்கிக் குழுவின் முன் வைப்பார். இது நல்ல வழக்கமல்ல. எந்தச் சொல்லை விட்டால் பொருள் மாறும் என்பது, அளவெடுத்தவருக்கே தெரியும். சுருக்கத்தையும் அதே பொறியாளர் எழுதி, கையொப்பமிட்டு, முழு அறிக்கையின் பக்க எண்களைக் காட்ட வேண்டும். இயக்குநர் கேள்வி கேட்டு அடியொற்றிப் போனால் மூல அளவீடு வரை போக முடிய வேண்டும்.

எழுதியது பலன் தந்ததா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. குழுவுக்கு அனுப்பும் முன், துறை அறியாத ஒருவரிடம் கொடுத்து, தாளைக் கீழே வைத்துவிட்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல வேண்டும்: குழு எதை முடிவு செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், பொறியாளர் எதைச் சோதிக்கவில்லை. புரிகிறதா என்று கேட்பதில் பயனில்லை. எல்லோரும் புரிகிறது என்றே சொல்வார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் மீண்டும் எழுத வேண்டும்.

சட்டம் ஏற்ற மாற்றம்

சர்ஃப்சைட் சரிவுக்குப் பிறகு ஃபுளோரிடா 2022-இல் ஒரு சட்டம் இயற்றியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புக் கட்டடங்களைக் குறிப்பிட்ட வயதில் உரிமம் பெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ ஆய்வு செய்ய வேண்டும் என்பது அதன் விதி. பொதுவாக வயது 30. 2023-இல் வந்த திருத்தத்தின்படி, கடலோரச் சூழல் போன்ற காரணங்களால் உள்ளாட்சி அதை 25 ஆகக் குறைக்கலாம். அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது. எந்த முறையில் ஆய்வு நடந்தது என்று எழுத வேண்டும். ஆபத்தான நிலை எதுவும் கண்ணில் பட்டதா என்று வெளிப்படையாகக் கூற வேண்டும். கட்டமைப்பைப் பாதிக்கும் சிதைவையும், சேதமாகியும் அந்த அளவுக்குப் போகாதவற்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். மேலும் ஆராய வேண்டியவை எவை என்றும் குறிப்பிட வேண்டும். இதோடு, ஆய்வு செய்தவரே தயாரித்த சுருக்கத்தைச் சங்கம் ஒவ்வொரு வீட்டு உரிமையாளருக்கும் அனுப்பி, கட்டடத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியும் வைக்க வேண்டும்.